அண்ணனைத் தம்பியாக்கிய படம்: முகம் மீட்பில் இரண்டு ஆண்டு அனுபவம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வருகிற வேலையில் பாதி, மறைந்தவர்களின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுப்பது. பழைய குழுப்படத்தில் நிற்பவரைத் தனியாக எடுக்க வேண்டும், பனியனோடு இருப்பவருக்குச் சட்டை போட வேண்டும், பந்தல் துணியை நீக்கிப் பின்னணியை நீலமாக்க வேண்டும். முன்பு ஒரு நாள் பிடித்த இந்த வேலையை, படத்தைத் திருத்தும் ஏஐ சேவைகள் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகின்றன. ஆனால் கேட்காமலே முகத்தையும் திருத்திவிடுகின்றன. அந்த முகத்தைத் திரும்பக் கொண்டுவர இரண்டு ஆண்டுகளாக நான் பட்டதையும் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு வேலையை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். முதுநகரிலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்தார். 2015 வெள்ளத்தில் நனைந்து, பக்கங்கள் ஒட்டிப்போன கல்யாண ஆல்பம். அதில் தப்பித்த ஒரே படத்தில் அவருடைய கணவர் ஏழெட்டுப் பேரோடு நிற்கிறார். 6-க்கு 4 அங்குலப் படம். தலையின் உயரம் 14 மில்லிமீட்டர். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். 3600-க்கு 2400 பிக்சல். தலைக்குக் கிடைத்தது சுமார் 330 பிக்சல். 1200-லும் எடுத்துப் பார்த்தேன். கூடுதலாகக் கிடைத்தது தாளின் சொரசொரப்புதான், முகம் இல்லை.

முழு ஸ்கேனையும் ஒரு சேவையில் ஏற்றி, மற்றவர்களை நீக்கி வெள்ளைச் சட்டை போடச் சொன்னேன். அழகாகவே வந்தது. மகனுக்குப் பிடித்துவிட்டது. அம்மா மட்டும் கையால் படத்தின் கீழ்ப்பாதியை மறைத்தார், பிறகு மேல்பாதியை மறைத்தார். "இது அவர் தம்பி மாதிரி இருக்கிறது, தம்பி" என்றார். இரண்டாவது தம்பி நான்.

அவர் சொன்னது சரி. கணவருக்கு இடது கண்ணிமை சற்றுத் தாழ்ந்திருக்கும். திரும்பி வந்த படத்தில் இரண்டு கண்ணும் ஒரே அளவில் திறந்திருந்தன. கன்னத்து அம்மைத் தழும்புகள் மறைந்திருந்தன. அகன்ற தாடை ஒரு சுற்று ஒடுங்கியிருந்தது. ஒவ்வொன்றும் சின்ன மாற்றம். மூன்றும் சேர்ந்தபோது அதே குடும்பத்தில் வேறு ஆள். (அன்றிலிருந்து அந்தக் கைமறைப்பை நானும் செய்கிறேன். முழு முகமாகப் பார்க்கும்போது ஏமாறுகிற கண், பாதியாகப் பார்க்கும்போது ஏமாறுவதில்லை.)

ஏன் இப்படி ஆகிறது? நான் அனுப்பிய 3600 பிக்சல் அகலப் படம் 1248-க்கு 832 ஆகத் திரும்பி வந்தது. 330 பிக்சல் தலை 114 ஆகச் சுருங்கிவிட்டது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற, படம் உருவாக்கும் ஏஐ மாதிரிகள் படத்தைப் பிக்சலாகக் கையாள்வதில்லை. எட்டுக்கு எட்டு பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கி, அந்தக் கட்டங்களில் வேலை செய்து, மீண்டும் விரிக்கின்றன. 114 பிக்சல் தலை என்றால் மேலிருந்து கீழ்வரை 14 கட்டம். ஒரு கண்ணின் அகலத்துக்கு இரண்டே கட்டம். இமையின் சாய்வை இரண்டு கட்டத்தில் எப்படி வைத்துக்கொள்வது? விரிக்கும்போது, தான் பார்த்துப் பழகிய பொதுவான கண்ணை அது வரைந்துவிடுகிறது. முகத்தைத் தொடாதே என்று எழுதிக் கொடுத்தாலும், படம் முழுவதும் சுருங்கி விரிவதால் முகம் தப்பாது.

இந்த இடத்தில் பலரும் செய்கிற தவறைத்தான் நானும் முதல் ஆறு மாதம் செய்தேன். மங்கிய முகத்தை, முகம் தெளிவாக்கும் கருவியில் போடுவது. 2021-ல் வந்த ஜிஎஃப்பிகான், 2022-ல் வந்த கோட்ஃபார்மர் இரண்டையும் நெடுநாள் பயன்படுத்தியிருக்கிறேன். கடையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம்: கோட்ஃபார்மரின் உரிமம் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும். அதனால் அதை வீட்டுப் படங்களோடு நிறுத்திக்கொண்டேன். கடை வேலைக்கு ஜிஎஃப்பிகான்தான். அதை இயக்கும் கட்டளை:

```
python inference_gfpgan.py -i in -o out -v 1.4 -s 1
```

இரண்டும் முகத்தை 512-க்கு 512 ஆக நேராக்கி எடுத்து, இணையத்தில் திரட்டிய 70,000 முகப்படங்களில் கற்றதை வைத்து நிரப்புகின்றன. தோல், கண்மணி, இமைமயிர் எல்லாம் பளிச்சென்று வரும். அந்த இமைமயிர் யாருடையது என்பதுதான் கேள்வி. நுணுக்கம் வேறு, சாயல் வேறு. இந்தக் கருவிகள் நுணுக்கத்தைத் தரும், சாயலுக்குப் பொறுப்பேற்காது. ஏஐ மாற்றிய முகத்தை இவற்றில் போட்டால், மங்கலாக இருந்த அந்நியர் தெளிவான அந்நியராகத் திரும்பி வருவார். மூல ஸ்கேனையே நேராகப் போட்டாலும் தழும்பைப் படத்தின் பழுது என்று எண்ணி மெழுகிவிடும். ஜிஎஃப்பிகான் வெளியீட்டுக் கோப்புறையில் `cmp` என்று ஒன்று இருக்கும்; முன்னும் பின்னும் அதில் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். திறந்து பாருங்கள், வாடிக்கையாளர் கண்டுபிடிப்பதற்கு முன்.

இப்போது என் வழி எளிது: மூல முகம் கையில் இருக்கும்போது முகத்தை உருவாக்கக் கூடாது, திரும்ப வைக்க வேண்டும். முதுநகர் படத்தை அப்படித்தான் மறுபடி செய்தேன். ஸ்கேனில் தலையும் மார்பும் வரும்படி 1024-க்கு 1024 வெட்டி, அதை மட்டும் அனுப்பினேன். அதே அளவில் திரும்பியது. தலை 330 பிக்சலாகவே இருந்தது. முகம் இப்போதும் கொஞ்சம் மாறித்தான் வந்தது, ஆனால் எனக்கு வேண்டியது சட்டையும் பின்னணியும் மட்டும்தானே.

கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில், ஏஐ திருத்திய படத்தைக் கீழேயும் மூலத்தை மேலேயும் வைத்தேன். இரண்டும் ஒரே அளவு என்றாலும் பொருந்தாது. மூன்று பிக்சல் இடப்பக்கம் நகர்ந்தும், நூற்றில் ஒரு பங்கு பெருத்தும் வந்திருந்தது. மேலடுக்கை `Difference` முறையில் வைத்தால் பொருந்தும் இடம் கறுப்பாகும், பொருந்தாத இடத்தில் வெளிர்கோடு தெரியும். தாடையை வைத்துப் பொருத்தக் கூடாது, மாறியிருப்பதே தாடைதான். இரண்டு காதுகளையும் நெற்றியின் மயிர்க்கோட்டையும் கறுப்பாக்கினேன், மிச்சத்தை விட்டுவிட்டேன்.

பிறகு மூலத்துக்கு, வேண்டிய இடத்தை மட்டும் தெரியவிடும் முகமூடி அடுக்கு. ஒட்டுக்கோட்டைத் தாடை விளிம்பில் வைக்காமல், அதற்குக் கீழே கழுத்து நிழலுக்குள் இறக்கினேன். அங்கே எட்டு பிக்சல் மென்மை, தலைமயிர் ஓரத்தில் இரண்டு மூன்று போதும். இவருக்கு மூலத் தாடை அகலம் என்பதால் கீழுள்ள தாடை மறைந்துவிட்டது. நேர்மாறாக இருந்தால் ஏஐ வரைந்த தாடை வெளியே எட்டிப் பார்த்து, இரட்டைத் தாடையாகத் தெரியும். முதலில் அதைப் பின்னணியால் அழித்துவிட வேண்டும்.

இதோடு முடிந்துவிடாது. கல்யாணப் படம் ஃபிளாஷில் எடுத்தது. முகம் நெற்றியில் வெளுத்திருக்கிறது. புதிய சட்டையிலோ பக்கவாட்டு மெல்லிய ஒளி. வெட்டி ஒட்டியது போலவே இருக்கும். முகத்தை மூலத்திலிருந்தும் ஒளியைத் திருத்திய படத்திலிருந்தும் எடுக்க வேண்டும். படத்தை முதலில் 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்கிறேன். மூல முகத்தின் நகலைக் காஸியன் முறையில் மங்கலாக்கி, மூலத்தின் மேல் `Grain extract` முறையில் வைத்தால், ஒளி கழிந்து வடிவம் மட்டும் சாம்பல் நிறத்தில் மிஞ்சும். அதைத் தனி அடுக்காக எடுத்து, அதே அளவு மங்கலாக்கிய திருத்திய முகத்தின் மேல் `Grain merge` முறையில் வைக்கிறேன்.

எவ்வளவு மங்கலாக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோல் மெருகேற்றும் பாடங்களைப் பார்த்து நான் முதலில் 5 பிக்சல் வைத்தேன். வந்தது விசித்திரம்: அவருடைய அம்மைத் தழும்புகள், தம்பியின் முகத்தில்! ஐந்து பிக்சலுக்குள் இருப்பது தோலின் மேடுபள்ளம் மட்டுமே. இமையின் சாய்வு, மூக்கின் பக்க நிழல், உதட்டோரத்துப் பள்ளம் எல்லாம் அதைவிடப் பெரியவை. அவை ஏஐ முகத்திலிருந்தே வந்துவிட்டன. 40 பிக்சலுக்கு, அதாவது தலை உயரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குக்கு ஏற்றியபோதுதான் ஆள் திரும்பினார். அவ்வளவு மங்கிய படத்தில் கண்ணோ தாடையோ யாருடையது என்று தெரியாது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். எனக்கு அதுதான் வேண்டும். ஒரு தொல்லை உண்டு: மயிரின் கறுப்பு நெற்றிக்கும், பின்னணி நீலம் கன்னத்துக்கும் கசிந்து விளிம்பில் வளையம் கட்டும். இந்த ஒளி அடுக்கை முகத்தின் உட்பகுதியோடு முகமூடியால் நிறுத்திவிடுவேன்.

கடைசியாகச் சொரசொரப்பு. பழைய தாளின் சொரசொரப்போடு முகம், கண்ணாடி போல் வழவழவென்று சட்டை. பெரிதாக்கிய பிறகு படம் முழுவதற்கும் லேசாக இரைச்சல் புள்ளிகள் சேர்த்தால் இரண்டும் ஒரே நாளில் எடுத்தது போல் ஒன்றிவிடும்.

அளவில் வாக்குவாதம் நடந்தது. மகன் கேட்டது 12-க்கு 15 அங்குலம். அதில் தலை ஐந்து அங்குலம் வரும். 330 பிக்சலை அதில் பரப்பினால் அங்குலத்துக்கு 66. நான் 8-க்கு 10 சொன்னேன். தலை சுமார் மூன்றேகால் அங்குலம், அங்குலத்துக்கு ஏறக்குறைய 100. கூடத்துச் சுவரில் ஆறடி தள்ளி நின்று பார்க்கப் போதும். அம்மா அச்சை வாங்கி மறுபடி பாதி பாதியாக மறைத்துப் பார்த்தார். "கண் சரி" என்றார். சட்டையின் கழுத்துப்பட்டை பெரிதாக இருக்கிறது என்று குறை சொன்னார். அது முகத்துக்கு வந்த குறை இல்லை என்பதால் மகிழ்ச்சியாகத் திருத்திக் கொடுத்தேன்.

ஒரு முகத்துக்கு இப்போது எனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. ஒரு நிமிடத்தில் முடியும் என்று விளம்பரத்தைப் பார்த்து வருகிறவர்களுக்கு அந்த நாற்பது நிமிடத்தின் கூலியை விளக்குவது இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது.

இந்த வழி எங்கே உதவாது என்றால், தலை திரும்பியிருக்க வேண்டும், சிரிக்க வேண்டும் என்று கேட்கும் வேலையில். திருப்பிய தலைக்கு ஒட்ட மூலம் கிடையாது. அப்படிக் கேட்பவர்களிடம் அதே ஆளின் வேறு படங்களைக் கேட்கிறேன். இல்லையென்றால் முகத்தை இருக்கிறபடியே வைத்துவிடச் சம்மதம் வாங்குகிறேன். போன மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் பல கை மாறி வந்த படம் கொண்டுவந்தார். தலை மொத்தமே 60 பிக்சல். ஜிஎஃப்பிகானில் போட்டு, வந்த முகத்தை மூலத்தின் மேல் முப்பது சதவீதம் மட்டும் தெரியும்படி வைத்து, அஞ்சல் அட்டை அளவில் அச்சிட்டேன். அதில் இமைமயிர் கருவியின் ஊகம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். பெரிய சட்டத்துக்குக் கேட்டார், செய்யவில்லை.