பயோடேட்டாவா, கடிதமா, அறிவிப்போடு பொருத்திய பட்டியலா?

என்னோடு முன்பு வேலை பார்த்த இயற்பியல் ஆசிரியை ஒருவர், ஒரு பள்ளியின் காலிப்பணியிட அறிவிப்பை எடுத்துக்கொண்டு வந்தார். "சார், இதுக்கு நான் போடலாமா? அனுபவத்துல அடிபடும்னு தோணுது" என்றார். அறிவிப்பு சின்னதுதான். இயற்பியலில் முதுகலைப் பட்டமும் ஆசிரியர் பயிற்சிப் பட்டமும் கட்டாயம். கடைசி தேதியன்று மேல்நிலை வகுப்புகளில் குறைந்தது மூன்று ஆண்டு இயற்பியல் எடுத்திருக்க வேண்டும். ஆய்வகப் பொறுப்பைக் கவனிக்கத் தெரிய வேண்டும். கீழ் வகுப்புகளுக்குக் கணிதமும் எடுப்பவருக்கு முன்னுரிமை. வகுப்பறைச் செயல்பாட்டுக்குச் சான்று இணைக்க வேண்டும்.

ஆசிரியத் தேர்வுக்குழுக்களில் சில முறை உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் என்னிடம் வந்தார். அவருடைய அதே தகுதிகளை மூன்று விதமாக எழுதிப் பார்த்தோம்: வழக்கமான பயோடேட்டா, ஒரு பக்கக் கடிதம், அறிவிப்பின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே சான்றை வைக்கும் இரண்டு பத்திப் பட்டியல். ஆளும் சான்றிதழ்களும் ஒன்றுதான். ஆனாலும் முதல் வடிகட்டலில் மூன்றுக்கும் ஒரே கதி இல்லை.

வடிகட்டல் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றில் யாரும் விண்ணப்பத்தை ரசித்துப் படிப்பதில்லை. ஒரு தாளில் கட்டாயத் தகுதிகளைக் கட்டம் கட்டி வைத்துக்கொண்டு 'உண்டு', 'இல்லை' என்று குறித்துக்கொண்டே போவார்கள். அலுவலகத்தில் இருப்பவரே இதைச் செய்வதும் உண்டு. அவருக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 'முன்னுரிமை', 'விரும்பத்தக்கது' என்ற வரிகளெல்லாம் அதற்கு அப்புறம், மிஞ்சியவர்களை வரிசைப்படுத்தத்தான்.

இப்போது ஆசிரியையின் பயோடேட்டாவுக்கு வருவோம். காலவரிசைப்படி இரண்டே வரி:

> அறிவியல், கணித ஆசிரியை, நடுநிலைப் பிரிவு: 5 ஆண்டு 6 மாதம்
> இயற்பியல் ஆசிரியை, மேல்நிலைப் பிரிவு: 2 ஆண்டு 7 மாதம்

மொத்தம் எட்டு ஆண்டு ஒரு மாதம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டம் கட்டியவர் தேடுவது மேல்நிலையில் மூன்று ஆண்டு. அவர் கண்ணில் படுவது 2 ஆண்டு 7 மாதம். 'இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுப்பார். அவர் மேல் தப்பே கிடையாது.

பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. நடுநிலைப் பிரிவில் இருந்த காலத்தில், மேல்நிலை இயற்பியல் எடுத்த சக ஆசிரியை மகப்பேறு விடுப்பில் போயிருக்கிறார். ஆறு மாதம் அந்த வகுப்பை இவர்தான் பார்த்திருக்கிறார், வாரத்துக்கு ஆறு பீரியடு. "அது சும்மா பதிலுக்குப் போனதுதானே சார்" என்றார். சும்மா என்ன? பாடம் நடத்தி, தேர்வு வைத்து, விடைத்தாள் திருத்தியிருக்கிறார். அதையும் சேர்த்தால் 3 ஆண்டு 1 மாதம். பயோடேட்டாவில் இது பதவிப் பெயருக்குள் மறைந்துகிடந்தது. பதவிப் பெயர் எந்தப் பிரிவில் இருந்தோம் என்று சொல்லுமே தவிர, எந்த வகுப்புக்கு என்ன பாடம் எடுத்தோம் என்று சொல்லாது.

கடிதத்தில் எழுதிப் பார்த்தபோது இந்த ஆறு மாதம் வெளியே தெரிந்தது. ஆனால் மூன்றாவது பத்தியின் நடுவில், "அக்காலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கும் கற்பிக்கும் வாய்ப்பு கிட்டியது" என்று. தேதியும் இல்லை, பீரியடும் இல்லை. கடிதம் எழுத உட்கார்ந்தாலே நம் ஆட்களுக்கு நடை ஏறிவிடுகிறது, தகவல் இறங்கிவிடுகிறது.

பட்டியலில் அதே வரி இப்படி வந்தது. இடது பத்தியில் அறிவிப்பின் வாசகம், ஒரு சொல்கூட மாற்றாமல். வலது பத்தியில்:

> மொத்தம் 3 ஆண்டு 1 மாதம் (கடைசி தேதி வரை).
> தற்போதைய பணி: 2 ஆண்டு 7 மாதம். இணைப்பு 3.
> விடுப்புப் பதிலியாக: 6 மாதம், வாரம் 6 பீரியடு. இணைப்பு 4: தலைமையாசிரியர் கையெழுத்திட்ட அப்போதைய டைம்டேபிள்.

இந்த ஆறு மாதத்தைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பது பள்ளியின் முடிவு. முழு நேரப் பணியை மட்டும்தான் எண்ணுவோம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. அதனால் கடைசி தேதிக்கு முன்பே அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்டு, பதிலையும் இணைக்கச் சொன்னேன். பணி அனுபவச் சான்றிதழை வாங்கும்போதே வகுப்பு, பாடம், வாரத்துக்கு எத்தனை பீரியடு என்று மூன்றையும் எழுதி வாங்கிவிட வேண்டும். 'எங்கள் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்' என்ற சான்றிதழ் இந்தக் கட்டத்தை நிரப்பாது.

பட்டத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. அவருடையது பயன்பாட்டு இயற்பியலில் முதுகலை. அறிவிப்பு 'இயற்பியல்' என்கிறது. பயோடேட்டாவில் பட்டத்தின் பெயர் மட்டும்தான் நிற்கும், இயற்பியல் தெரியாதவர் கையில் அது சிக்கிக்கொள்ளும். பட்டியலில் இரண்டு வரி சேர்க்க இடம் உண்டு: மதிப்பெண் பட்டியலில் உள்ள இயந்திரவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயற்பியல், புள்ளியியல் இயற்பியல் தாள்களின் பெயர்கள், பக்கத்தில் இணைப்பு எண். இணையானது என்று நாமே தீர்ப்பு எழுதத் தேவையில்லை. எதைப் படித்தோம் என்று காட்டினால் போதும்.

கடைசி வரியான வகுப்பறைச் சான்றில்தான் அதிக நேரம் போனது. அவர் முதலில் எழுதியிருந்தது 'நூறு சதவீதத் தேர்ச்சி'. குழுவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விண்ணப்பங்களில் இந்த வரி அடிக்கடி வரும், வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் எழும்: எத்தனை பேரில்? அவர் வகுப்பில் தேர்வு எழுதியவர்கள் 22 பேர். ஒரே ஒரு மாணவர் தவறியிருந்தால் சதவீதம் 95-க்குப் போயிருக்கும். அவ்வளவு சின்ன வகுப்பில் சதவீதம் ஆசிரியரைப் பற்றிச் சொல்வது குறைவு. வகுப்பு தொடங்கும்போது 24 பேர் என்பதும் பேச்சில்தான் தெரிந்தது. நடுவில் இருவர் போய்விட்டார்கள். பலவீனமான பிள்ளைகளைத் தேர்வுக்கு முன்பே கழற்றிவிட்டு நூறு காட்டும் வித்தை குழுவுக்குத் தெரியாததல்ல. இவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு குடும்பம் ஊர் மாறியது, இன்னொரு பையன் பாடப்பிரிவு மாறினான். ஆனால் எழுதாமல் விட்டால் சந்தேகம்தான் மிஞ்சும்.

அதற்குப் பதிலாக என்ன வைப்பது? ஆண்டுத் தொடக்கத் தேர்வில் அந்த 22 பேரின் சராசரி 48, ஆண்டிறுதியில் 63. பதினைந்து மதிப்பெண் உயர்வு என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நான்தான் கெடுத்தேன். இரண்டும் வேறு வேறு வினாத்தாள். இரண்டாவது எளிதாக இருந்தாலே பாதி உயர்வு வந்துவிடும். அதே 22 பேர் வேதியியலில் எப்படி என்று பார்க்கச் சொன்னேன். 50-லிருந்து 61. அதாவது வகுப்பே அந்த ஆண்டு பொதுவாக ஏறியிருக்கிறது, இயற்பியலில் நான்கு மதிப்பெண் கூடுதல். இதையும் கல்லில் பொறிக்க முடியாது, வேதியியல் தாள்களும் வேறு வேறுதானே. ஆனால் 15 என்று மார்தட்டுவதைவிட, ஒப்பிட ஒன்று பக்கத்தில் நிற்கும் 4 நம்பும்படி இருக்கிறது.

தொடக்கத்தில் 50-க்குக் கீழே இருந்தவர்கள் 11 பேர், இறுதியில் 3 பேர் என்பதையும் சேர்த்தோம். இதிலும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். முதல் தேர்வில் மிகக் கீழே இருப்பவர்களில் சிலர் அன்று உடம்பு சரியில்லாமலோ பதற்றத்திலோ எழுதியவர்கள். ஆசிரியர் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை அவர்கள் கொஞ்சம் மேலே வந்துவிடுவார்கள். எனவே எண்ணுக்குக் கீழே, அந்த 11 பேருக்கு என்ன செய்தார் என்று ஒரே வரி: வாரம் ஒரு பீரியடு, கணக்கு போடும் முன் படம் வரைந்து விசைகளைக் குறிக்கும் பயிற்சி. ஒரு மாணவரின் நோட்டிலிருந்து தொடக்கத்தில் ஒரு பக்கம், ஆறு மாதம் கழித்து ஒரு பக்கம், பெயரை மறைத்து நகல் எடுத்தோம். முதல் பக்கத்தில் சாய்தளத்தின் மேல் ஒரு கட்டை, அம்புக்குறியே இல்லாமல் நேரே சூத்திரம். இரண்டாவதில் எடை, செங்குத்து விசை, உராய்வு மூன்றும் அதனதன் திசையில். எனக்கு அந்த இரண்டு தாள்கள்தான் இந்த விண்ணப்பத்திலேயே கனமான சான்று.

ஆய்வக வரி சுலபம்: பாடத்திட்டத்தில் உள்ள 15 சோதனைகளில் 13 செய்தது, மீதி இரண்டு நிறமாலைமானி பழுதானதால் நின்றது, இருப்புப் பதிவேட்டின் நகல். கணிதத்துக்கு அந்த ஐந்தரை ஆண்டே போதும்.

பட்டியலுக்கு ஆகாத இடங்களும் உண்டு. 'திறமையான இயற்பியல் ஆசிரியர் தேவை' என்று ஒற்றை வரி அறிவிப்பு வந்தால் எதோடு பொருத்துவது? அங்கே கடிதம்தான் சரி. ஆன்லைன் படிவத்தில் பட்டியலுக்கு இடமே இருக்காது, பயோடேட்டாவோடு சேர்த்து ஒரே கோப்பாக ஏற்ற வேண்டியிருக்கும். இன்னொரு ஆபத்து, கட்டம் காலியாக இருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது போட்டு நிரப்பத் தோன்றும். 'ஆர்வம் உண்டு', 'கற்றுக்கொள்ளத் தயார்' என்று நிரப்பிய பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். முன்னுரிமை வரியில் தகுதி இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போவது மேல். கட்டாய வரியிலேயே இல்லையென்றால் பட்டியலால் காப்பாற்ற முடியாது. அந்த அறிவிப்பு நமக்கானதல்ல.

கடைசியில் பட்டியலை முதல் பக்கமாகவும் பயோடேட்டாவை இரண்டாவதாகவும் வைத்தோம். கடிதம் நான்கு வாக்கியத்தில் மேலே. இணைப்புகளைப் பட்டியலின் எண் வரிசையிலேயே அடுக்கினார். இன்டர்வியூ அழைப்பு வந்தது. உள்ளே போனதும் முதல் கேள்வி, "நடுவில் போன அந்த இரண்டு பிள்ளைகள் யார்?" என்பதாம். அதற்கப்புறம் யாரோ அந்த நோட்டுப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த அம்புக்குறி ஏன் இந்தப் பக்கம்?" என்று கேட்க, மீதி நேரமெல்லாம் உராய்வைப் பற்றியே பேசிவிட்டு வந்திருக்கிறார்.