பூஜ்ஜியத்தில் ஊன்றிய பட்டையா, அடி வெட்டிய பட்டையா, புள்ளியா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் கன்னியாகுமரி. நம் மாவட்டத்தில் 91.75 சதவீதம், சென்னையில் 90.18, தூத்துக்குடியில் 86.16, பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியில் 82.50. தக்கலைக்கு அருகில் உள்ள எங்கள் ஊர் வாசகசாலைச் சுவருக்காக இந்த நான்கு எண்களையும் படமாக வரைய வேண்டியிருந்தது. பூஜ்ஜியத்திலிருந்து எழும் பட்டைகள், 80இலிருந்து எழும் பட்டைகள், பட்டையே இல்லாத புள்ளி வரைபடம் என்று மூன்று வழிகள் முன்னால் இருந்தன. நான் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பக்கமே சாய்ந்து எழுதுகிறேன்.

பூஜ்ஜியத்திலிருந்து வரைந்தால் படம் சப்பென்று இருக்கும் என்பது உண்மைதான். பத்து சதவீதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கொண்டால், கன்னியாகுமரியின் பட்டை 9 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். திருநெல்வேலியின் பட்டை 8¼ சென்டிமீட்டர் இருக்கும். வாசகசாலையில் உதவிக்கு வந்த இளைஞர், "நம்ம மாவட்டம் முதலிடம் என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டாமா, அண்ணா?" என்று கேட்டார். நியாயமான ஆசை. அதைத்தான் இரண்டாவது வழி நிறைவேற்றித் தருகிறது.

அச்சை 80இல் தொடங்கி, ஒரு சதவீதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கன்னியாகுமரி 11.75 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். திருநெல்வேலி இரண்டரை சென்டிமீட்டரில் குட்டையாகிவிடும். உண்மையில் முதல் எண் இரண்டாவதைப் போல 1.11 மடங்குதான். படத்தில் அது 4.7 மடங்காகிறது. எண்கள் மாறவில்லை, இரண்டுக்கும் இடையே உள்ள 9.25 சதவீதப் புள்ளி இடைவெளியும் மாறவில்லை. இரண்டு பட்டைகளின் அடியிலிருந்தும் 80 சதவீதத்தை வெட்டி எறிந்துவிட்டோம், அவ்வளவுதான். இடைவெளி அப்படியே இருக்க, பொதுவாக இருந்த பகுதி காணாமல் போனால், மிச்சத்தின் விகிதம் ஊதிப் பெருகும். வெட்டை 82இல் வைத்தால் விகிதம் பத்தொன்பதரை மடங்காகிவிடும். 70இல் வைத்தால் ஒன்றே முக்கால் மடங்குக்கு இறங்கிவிடும். அதாவது திருநெல்வேலி எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை எழுத்தறிவு தீர்மானிக்கவில்லை, வரைபவர் கத்தியை எங்கே வைத்தார் என்பதே தீர்மானிக்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டை என்பது நீளத்தால் பேசும் படம். ஒரு பட்டை மற்றொன்றின் பாதி உயரம் இருந்தால், அளவும் பாதி என்று கண் எடுத்துக்கொள்கிறது. அச்சில் உள்ள எண்ணைப் படிப்பது அதற்குப் பிறகு, அதுவும் படிக்கிறவர்களுக்கு மட்டும். 'அச்சில்தான் 80 என்று எழுதியிருக்கிறதே' என்ற சமாதானம் இங்கேதான் தோற்கிறது. அச்சு வெட்டப்பட்டிருக்கிறது என்று முன்கூட்டியே விளக்கிச் சொன்ன பிறகும், பார்த்தவர்கள் வேறுபாட்டை மிகையாகவே மதிப்பிட்டார்கள் என்று 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எச்சரிக்கை மிகையைக் குறைத்தது, ஒழிக்கவில்லை. எச்சரித்தே இப்படி என்றால், அந்தப் படத்தை யாரோ கைப்பேசியில் பிடித்து, ஓரம் வெட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன மிஞ்சும்? எண்கள் மங்கிவிடும், அச்சு வெட்டுப்பட்டுவிடும், பட்டைகள் மட்டும் நிற்கும். என் தேர்வைத் தீர்மானித்தது இந்த ஒரே காரணம்தான். பூஜ்ஜியத்தில் ஊன்றிய பட்டை, எண்களை இழந்த பிறகும் சரியான விகிதத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். வெட்டிய பட்டைக்கு அந்த உயிர் கிடையாது. பள்ளிப் பாடத்தில் சொல்லித்தரும் நெளிவுக் கோட்டை அச்சின் அடியில் போட்டாலும் பட்டையின் நீளம் திருந்திவிடாது.

வெட்டிய படங்கள் எல்லாம் யாரோ ஏமாற்ற நினைத்து வரைந்தவை என்றும் எண்ண வேண்டாம். எக்செலே இதைச் செய்யும். மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள இடைவெளி, பெரிய எண்ணில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், அச்சின் தொடக்கத்தைத் தானாகவே மேலே தூக்கிவிடும். நம் எண்களில் 91.75இன் ஆறில் ஒரு பங்கு சுமார் 15.3, இடைவெளியோ 9.25. எனவே பூஜ்ஜியம் பறிபோகும். சரிசெய்வது எளிது. செங்குத்து அச்சின் மேல் வலது சொடுக்கி `Format Axis` திறந்து, `Bounds` என்பதன் கீழ் `Minimum` பெட்டியில் `0` என்று நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். வேறொருவர் தந்த படத்தில் அச்சே தெரியாவிட்டால், பட்டைகளின் மேல் அச்சிட்ட எண்களின் விகிதத்தையும் அளவுகோலால் அளந்த உயரங்களின் விகிதத்தையும் ஒப்பிட்டால் போதும். இரண்டும் ஒத்துவராவிட்டால் அடி வெட்டப்பட்டிருக்கிறது.

மூன்றாவது வழியான புள்ளி வரைபடத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வரி, அந்த வரியில் ஒரு புள்ளி. புள்ளிக்கு அடியிலிருந்து எழும் உடல் இல்லாததால், கண் நீளத்தை ஒப்பிடுவதில்லை, இடத்தைத்தான் ஒப்பிடுகிறது. ஒரே அளவுகோலின் மேல் இடத்தை ஒப்பிடுவதில் மனிதர்கள் நீளத்தைவிடவும் துல்லியமானவர்கள் என்று வில்லியம் கிளீவ்லேண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984இல் எழுதினார்கள். அதனால் அச்சை 80இல் தொடங்குவது இங்கே பெரிய குற்றம் ஆகாது. குலசேகரம் பக்கத்து ரப்பர் விலையை நாள்தோறும் காட்டும் கோட்டுப் படத்துக்கும், நாகர்கோவில் வெப்பநிலைக்கும் இதே சலுகை பொருந்தும். செல்சியஸ் பூஜ்ஜியம் என்பது 'வெப்பமே இல்லை' என்ற பொருளில் வருவதல்லவே. ஆனால் புள்ளிப் படத்தைப் பொதுச் சுவரில் வைத்துப் பார்த்த அனுபவம் எனக்குக் குறைவு. பழகாதவர்கள் அதை நின்று படிப்பார்களா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாததால் விட்டுவிட்டேன்.

அந்த இளைஞரின் ஆசைக்கும் நேர்மையான வழி ஒன்று இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை விட்டுவிட்டு, தெரியாதவர்களை வரைந்தோம். நூறிலிருந்து கழித்தால் கன்னியாகுமரி 8.25, சென்னை 9.82, தூத்துக்குடி 13.84, திருநெல்வேலி 17.50. ஒரு சதவீதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வைத்து, பூஜ்ஜியத்திலிருந்தே எழுப்பினால் திருநெல்வேலியின் பட்டை நம்முடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நிற்கிறது. அந்த இரண்டு மடங்கு உண்மையானது. நூறு பேரில் எழுத்தறியாதவர்கள் அங்கே இரு மடங்குக்கும் அதிகம். இங்கே எதையும் வெட்டவில்லை, கேள்வியைத்தான் மாற்றினோம். அதனால் தலைப்பும் மாற வேண்டும். 'எழுத்தறிவில் முதலிடம்' என்று போட்டுவிட்டு இந்தப் பட்டைகளைக் காட்டினால் உயர்ந்த பட்டைதான் முதலிடம் என்று படிப்பார்கள். எங்கள் தாளில் 'எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், நூற்றுக்கு எத்தனை பேர்' என்று பெரிய எழுத்தில் போட்டோம். எழுத்தறிவு விகிதத்துக்குக் கணக்கெடுப்பு ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது என்பதையும் ஆண்டையும் கீழே சேர்த்தோம். நான்கு பட்டைகளின் மேலும் அவற்றின் எண்கள் இருக்கின்றன.