ஜீவனாம்சம் நின்றுபோனால்: வாரண்டா, சம்பளப் பிடித்தமா, நில ஜப்தியா?

மன்னார்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள். கணவர் எலக்ட்ரீஷியன், அவர் பெயரில் 2 ஏக்கர் நஞ்சையும் உண்டு. "கூலிக்குத்தான் போகிறேன்" என்று கோர்ட்டில் சொன்னார். ஆனால் 2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகக் கொடுத்தாக வேண்டும். அவர் மறைத்ததை அவள் சிட்டா, அடங்கலோடு காட்டினாள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில்தான் வரும் என்பதால், அந்தக் கணக்கு விவரத்தையும் கோர்ட் மூலம் வரவழைத்தாள். தனக்கு 3,000, பிள்ளைகளுக்குத் தலைக்கு 3,000 என்று மாதம் 9,000 ரூபாய்க்கு உத்தரவானது. சில மாதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது.

இப்போது பாக்கி 14 மாதம், அதாவது 1,26,000 ரூபாய். முதல் இடி இங்கேதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. அதன்படி, தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் வாரண்ட் கிடைக்கும். அவள் இன்று போனால் 12 மாதத் தொகையான 1,08,000க்குத்தான் வாரண்ட். மீதி 18,000 செத்துப்போவதில்லை, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லிவிட்டது. ஆனால் அதை வசூலிக்கத் தனி வழி தேட வேண்டும். "பேசிப் பார்க்கலாம், தை அறுவடைக்குத் தந்துடுவார்" என்று பெரியவர்கள் தள்ளிப்போடும்போது கரைவது இந்த ஓராண்டுதான். மனுவைப் போட்டுவிட்டும் பேசலாம்.

இனி மூன்று வழிகள்.

எல்லோர் வாயிலும் முதலில் வருவது கைது வாரண்ட். அதன் பலம் பயம். கைதானதும் வீட்டார் நகையை அடகு வைத்தாவது பணத்தோடு வருவதுண்டு. "ஆள் ஊரில் இல்லை" என்று வாரண்ட் திரும்பி வருவது அதன் பலவீனம். திருப்பூரிலோ கேரளாவிலோ வேலை செய்பவர் என்றால், அவர் நடவுக்கோ அறுப்புக்கோ ஊருக்கு வரும் நாளைக் காவல் நிலையத்துக்குச் சொல்வது அவள் வேலையாகிவிடும். சிறை ஒரு மாதம் வரைதான், பணம் கட்டினால் அதற்கு முன்பே வெளியே வரலாம். சிறை போய் வந்தால் பாக்கி தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சிறை வசூலுக்கான நெருக்கடி மட்டுமே, கடன் அப்படியே நிற்கும் என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் மாதம் அவருக்குக் கூலியும் இல்லை.

சம்பளக்காரர் என்றால் வாரண்டைவிடப் பிடித்தம் எவ்வளவோ மேல். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் உத்தரவு வாங்கியிருந்தால், சம்பளத்தின் ஒரு பகுதியை அவளுக்கே கொடுக்கும்படி முதலாளிக்குக் குற்றவியல் நடுவர் நேரடியாக உத்தரவிடலாம். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் சிறு பகுதிதான் ஜப்தியாகும். ஜீவனாம்ச டிக்ரிக்கு மூன்றில் ஒரு பங்கை அவருக்கு விட்டுவிட்டு மீதியைத் தொடலாம். நம் எலக்ட்ரீஷியனுக்கு நிரந்தர முதலாளி இல்லாததால், இந்த வழி இங்கே உதவாது.

அவருக்கு நிலம் இருக்கிறது. ஜீவனாம்ச பாக்கியை அபராதம் வசூலிக்கும் முறையிலேயே வசூலிக்கச் சட்டம் சொல்கிறது. அதாவது நடுவர் மாவட்ட ஆட்சியருக்கு வாரண்ட் அனுப்பலாம். பாக்கி நிலவரி பாக்கி போல வசூலாகும், தாசில்தாரும் வி.ஏ.ஓ.வும் வயலுக்கு வருவார்கள். அதிகம் பேர் கேட்காத வழி இது. டெல்டாவில் ஆளை ஒளித்துவைக்கலாம், 2 ஏக்கரை ஒளிக்க முடியாது. இதில் இரண்டு சிக்கல் உண்டு. கூட்டுப் பட்டா என்றால் அவர் பங்குக்கு மேல் கை வைக்க முடியாது, அண்ணன் தம்பி ஆட்சேபித்தால் இழுக்கும். இன்னொன்று, நோட்டீஸ் போனதும் தம்பி பேருக்குத் தானப் பத்திரம் எழுதிவிடுவது. ஆகவே மனுவுக்கு முன்பே வில்லங்கச் சான்று எடுத்துவைப்பது நல்லது. பத்திரத் தேதியே பிறகு அவர் நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். ஜீவனாம்சத் தொகையை நிலத்தின் மீதே பொறுப்பாக ஏற்றும் சிவில் டிக்ரி இன்னும் உறுதியானது, ஆனால் வருஷக்கணக்காகும்.

இந்தப் பெண்ணுக்கு நான் சொல்வது: இன்றே ஒரே மனுவில் ஆட்சியர் வழி வசூலையும், அதில் தீராத மாதங்களுக்குச் சிறையையும் சேர்த்துக் கேட்கட்டும். எதிர்த்தரப்பு 40,000 ரூபாயோடு வந்து "முழுசா முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடும்மா" என்றால், "1,08,000இல் பகுதித் தொகை பெறப்பட்டது" என்று மட்டும் எழுதிக் கோர்ட்டில் தாக்கல் செய்யட்டும். மிச்சம் 68,000க்கு மனு நிலுவையிலேயே இருக்கும்.