ஆல்பம் டெம்ப்ளேட் விற்க எது தோது: டிரைவ் லிங்க்கா, வெளிநாட்டுத் தளமா, காலாவதியாகும் லிங்க்கா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர் ஒருவர், தன்னிடம் சேர்ந்துபோன பிஎஸ்டி டெம்ப்ளேட்டுகளைத் தொகுப்பாக்கி விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 12×36 அங்குல ஷீட், 300 டிபிஐ. அதாவது 3600×10800 பிக்ஸல். முழு ஷீட்டையும் நிரப்பும் ஒரே ஒரு லேயரே சுருக்காமல் சுமார் 115 எம்பி வரும். பன்னிரண்டு ஷீட் போட்டு ஜிப் செய்தால் 2 ஜிபியைத் தொட்டுவிடும். விலை 499 ரூபாய். வாங்குபவர்கள் பெரும்பாலும் ஸ்டுடியோக்காரர்கள்: பாதிப்பேர் இந்த மாவட்டம், கொஞ்சம் திருவனந்தபுரம் பக்கம், இரண்டொருவர் வளைகுடாவில். இந்த ஒரு சரக்கை வைத்தே மூன்று வழிகளையும் பார்ப்போம்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. யுபிஐயில் பணம் வாங்கு, கூகுள் டிரைவ் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பு. கமிஷன் ஒரு பைசா கிடையாது, 499-ம் கைக்கு வரும். ஆனால் "Anyone with the link" என்று வைத்த லிங்க் எல்லோருக்கும் ஒன்றேதான். அது ஒரு டெலிகிராம் குரூப்பில் விழுந்தால் யார் போட்டார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. மூடினால் நேர்மையாக வாங்கியவனுக்கும் சேர்ந்து மூடிவிடும். வாங்கியவரின் ஜிமெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். ஆனால் அவர் தன் டிரைவிலேயே ஒரு நகல் எடுத்துவிட்டால், பிறகு நாம் அனுமதியை எடுத்தும் பயனில்லை. டவுன்லோடைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறதே என்றால், பிஎஸ்டியை டவுன்லோடு செய்யாமல் அதை வைத்து என்ன செய்வது? போதாக்குறைக்கு, பெரிய கோப்பு என்பதால் வைரஸ் சோதனை செய்ய முடியவில்லை என்று கூகுள் ஒரு எச்சரிக்கைப் பக்கம் காட்டும். உடனே போன் வரும்: "அண்ணே, இதுல வைரஸ் உண்டும்னு காட்டுகே!"

இரண்டாவது வழி, கம்ரோடு, பேஹிப் போன்ற வெளிநாட்டுத் தளங்கள். லிங்க் உருவாக்குவது, மெயில் அனுப்புவது, ரசீது எல்லாம் அவர்கள் பாடு. கம்ரோடில் நேரடி விற்பனைக்கு 10 சதவீதமும் கூடவே 50 சென்ட்டும் கட்டணம். 6 டாலர் விலை வைத்தால் குறைந்தது 1.10 டாலர் அங்கேயே போய்விடும். சின்ன விலைச் சரக்குக்கு அந்த 50 சென்ட் தான் உறுத்தும். பேஹிப்பின் இலவசத் திட்டத்தில் 5 சதவீதம், அதன்மேல் பேபால் தன் பங்கைத் தனியாக எடுக்கும்.

நமக்குக் கட்டணத்தைவிடப் பெரிய தடை வேறு. பேஹிப்பில் பணம் வாங்க பேபால் அல்லது ஸ்டிரைப் வேண்டும். பேபால் இந்தியாவுக்குள்ளான பரிவர்த்தனையை 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. ஸ்டிரைப் இந்தியாவில் அழைப்பு இருந்தால்தான் கணக்குத் திறக்கும். ஆக, குளச்சல் ஸ்டுடியோக்காரர் மார்த்தாண்டத்துக்காரரிடம் பேஹிப்பில் வாங்குவது நடைமுறையில் நடக்காது. துபாயில் இருக்கும் வாடிக்கையாளருக்கு மட்டும் இந்த இரண்டாவது வழி சரி. அவரிடம் யுபிஐ கேட்டுக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, நாமே காலாவதியாகும் லிங்க் கொடுப்பது. இதற்கு வெப்சைட் கட்டியாக வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். தினம் நாலைந்து ஆர்டர் என்றால் வெப்சைட்டே வேண்டாம். ரேசர்பே பேமென்ட் லிங்க்கில் பணம் வாங்கினால் 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்த்து 11.78 ரூபாய் போகும், மிச்சம் 487.22. கோப்பு அமேசானின் எஸ்3 என்ற இணையச் சேமிப்பிடத்தில், வெளியாட்கள் திறக்க முடியாத பக்கெட்டில் இருக்கட்டும். ஆர்டர் வந்ததும், கணினியில் நிறுவிய AWS CLI என்ற அமேசான் கருவியில் இரண்டு வரி:

```
aws s3 cp s3://album-psd/pack-03.zip s3://album-psd/out/0147.zip
aws s3 presign s3://album-psd/out/0147.zip --expires-in 172800 --region ap-south-1
```

முதல் வரி மூலக் கோப்பை அங்கேயே நகலெடுக்கிறது. 2 ஜிபியை வீட்டு இணையத்தில் திரும்ப ஏற்ற வேண்டியதில்லை. இரண்டாவது வரி தரும் லிங்க் 48 மணி நேரம் வேலை செய்யும். அதிகபட்சம் 7 நாள்வரை வைக்கலாம். கவனிக்க: இது ஒருமுறை மட்டும் திறக்கும் லிங்க் அல்ல. காலக்கெடுவுக்குள் எத்தனை பேரும், எத்தனை முறையும் இறக்கலாம். அதனால்தான் ஆளுக்கொரு நகல். ஆர்டர் எண் 0147-இன் லிங்க் வெளியே போனால் அந்த நகலை மட்டும் அழித்துவிடலாம், மற்றவர் லிங்க் அப்படியே இருக்கும், யாருடையது என்பதும் தெரிந்துவிடும். `out/` போல்டருக்கு மட்டும் ஏழு நாளில் தானாக அழியும்படி ஒரு லைஃப்சைக்கிள் விதி போட்டுவிட்டால் குப்பை சேராது.

காலக்கெடுவை ஒரு மணி நேரம் என்று இறுக்கிப் போடுவது தப்பு. கெடு முடியுமுன் தொடங்கிய டவுன்லோடு தொடரும். ஆனால் பேச்சிப்பாறை பக்கம்போல சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் நடுவில் அறுந்து, கெடு முடிந்தபின் மறுபடி தொடங்கினால் `Request has expired` என்றுதான் வரும். "லிங்க் ஓப்பன் ஆக மாட்டேங்கு" என்று யாராவது சொன்னால் முதலில் இந்த வரி தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்தால் புது லிங்க் போதும், வேறு கோளாறு எதுவுமில்லை. செலவைப் பொறுத்தவரை, அமேசானில் டவுன்லோடாக வெளியேறும் தரவு மாதம் 100 ஜிபிவரை இலவசம், அதாவது 2 ஜிபி கோப்பு ஏறக்குறைய 50 முறை. அதைத் தாண்டுகிறவர்கள் வெளியேற்றக் கட்டணமே இல்லாத கிளவுட்ஃபிளேர் ஆர்2-வுக்கு மாறலாம்.

ஆர்டர் பெருகியபின் வெப்சைட் கட்டி, வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் போடலாம். அங்கே `Redirect only` என்ற முறையைத் தேர்ந்தால் கோப்பின் உண்மையான முகவரி வாங்குபவருக்குத் தெரிந்துவிடும், அதைத் தவிர்க்கவும். `Download limit`-ஐ 1 என்று வைத்தால் பாதியில் அறுந்தவர் உங்களைத்தான் திட்டுவார்.

இனி உரிமம். லிங்க் காவல் காப்பது டவுன்லோடு வரைக்கும்தான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்று 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். 30ஏ பிரிவு அதை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. துபாய்க்கு விற்றுவிட்டு இடம் எழுதாமல் விட்டால் அவர் கையில் இருப்பது என்ன உரிமம் என்பதே சிக்கல்.

டிரைவ் வழியில் பெரும்பாலும் "ஷேர் பண்ணாதீங்க" என்ற வாட்ஸ்அப் வரியோடு சரி. இந்தத் தொழிலில் அது ஓட்டை. ஸ்டுடியோக்காரர் பல நேரம் டிசைனை வெளியே ஒரு டிசைனரிடம் கொடுக்கிறார், கசிவும் அங்கேதான். முழுக்கத் தடுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை, எனவே அளந்து அனுமதியுங்கள்:

"ஆர்டர் 0147. இந்தத் தொகுப்பை வாங்கிய ஸ்டுடியோ தன் வாடிக்கையாளர் எத்தனை பேருக்கும் ஆல்பம் செய்யப் பயன்படுத்தலாம். அச்சிட்ட ஆல்பத்தையும் லேயர் இல்லாத ஜேபெக்கையும் வாடிக்கையாளருக்கும் லேபுக்கும் தரலாம். வெளி டிசைனரிடம் அந்த வேலைக்கு மட்டும் பிஎஸ்டியைத் தரலாம், வேலை முடிந்ததும் அவர் அழிக்க வேண்டும். பிஎஸ்டியை விற்கவோ, இலவசமாகப் பகிரவோ, மாற்றி வேறு தொகுப்பாக விற்கவோ கூடாது. காலவரம்பு இல்லை. எல்லா நாட்டிலும் செல்லும்."

லேபுக்கு ஜேபெக் போதும் என்பதால் யாருக்கும் இதில் நஷ்டமில்லை. இதை வாங்குபவர் பெயரோடு பிடிஎஃப் ஆக்கி லிங்க்கோடு அனுப்புங்கள். பணம் வாங்கும் முன்பே இதே வாசகத்தைக் காட்டிவிடவும் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய ஃபாண்ட் கோப்பை ஜிப்புக்குள் போடாதீர்கள். அதன் பெயரை மட்டும் எழுதுங்கள்.

இதே கேள்வியை இபுத்தகம் விற்பவர் கேட்டால் என் பதில் கொஞ்சம் மாறும். பிடிஎஃப் சில எம்பிதான், ஒவ்வொரு பக்கத்திலும் வாங்கியவர் மெயிலை முத்திரையாகப் பதிக்கும் வசதி கம்ரோடிலும் பேஹிப்பிலும் உண்டு. வாசகர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் என்றால் அங்கேயே போகலாம். உள்ளூர் ஸ்டுடியோக்களை நம்பிய பிஎஸ்டி வியாபாரத்துக்கு ரேசர்பேயும் அந்த இரண்டு வரியும்.