பிள்ளையிலிருந்து மேலேயா, தாத்தாவிலிருந்து கீழேயா?

ஈசூன் வீட்டில் மகளுக்காகக் குடும்ப மரத்தைச் சார்ட் பேப்பரில் இரண்டு விதமாகவும் வரைந்தோம். அவளைக் கீழே வைத்துத் தாத்தா பாட்டிகள் வரை ஏறினால் ஏழே பெயர், அரைத் தாளில் அடங்கிவிடும். ஆனால் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் அதில் இடமில்லை.

அப்பா வழித் தாத்தாவிலிருந்து இறங்கினால் தாள் நெருக்கியடிக்கும் (அம்மா வழிக்கு வேறு தாள்), முறை மட்டும் பளிச்சென்று தெரியும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இரு பேரப்பிள்ளைகளின் கோடுகளையும் மேலே பிடித்துப் போனால் உடன்பிறந்த இருவரில் முடியும். இரண்டும் சதுரமென்றால் சித்தப்பா மகன்: மகளுக்குத் தம்பி. மூத்தவனென்றால் அண்ணன், அதனால் பிறந்த ஆண்டையும் எழுதுங்கள். ஒன்று வட்டமென்றால் அத்தை மகன், முறைப்பையன். மகளோ இருவரையும் 'கசின்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.