தங்கை மகனின் ஊசி அட்டையும் என் தவறான கணக்கும்

சென்ற ஆண்டு மார்ச் முதல் வாரத்தில் சிங்கப்பூரிலிருந்து புதுக்கோட்டைப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, தங்கையின் ஆண் குழந்தைக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது. 2025 ஜனவரி 15 அன்று பிறந்தவன் அவன். ஆறாவது வாரத்தில், அதாவது பிப்ரவரி 26 அன்று போட்டிருக்க வேண்டிய ஊசிகளை, சளி பிடித்திருக்கிறது என்று வீட்டார் தள்ளிப்போட்டிருந்தார்கள். லேசான சளிக்காக ஊசியை நிறுத்த வேண்டியதில்லை என்பதை, மார்ச் 5 புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் சொல்லித்தான் அறிந்தோம். அன்றே பென்டாவேலன்ட் ஊசியும் போலியோ, ரோட்டா சொட்டு மருந்துகளும் கொடுத்தாகிவிட்டது.

அன்று மாலை, உதவுவதாக நினைத்துக்கொண்டு, தங்கையின் கைப்பேசியில் பத்தாவது வாரத்துக்கும் பதினான்காவது வாரத்துக்கும் நினைவூட்டல் வைத்தேன். பிறந்த நாளிலிருந்து எண்ணியதால் மார்ச் 26, ஏப்ரல் 23 என்று வந்தது. சிங்கப்பூரில் என் மகளுக்கு இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஊசி போட்டதால், இடைவெளியைப் பற்றி யோசிக்கும் தேவையே எனக்கு இருந்ததில்லை.

மறுநாள் அட்டையை எடுத்துப் பார்த்தபோதுதான், அடுத்த தவணைக்கு நேரே செவிலியர் ஏப்ரல் 2 என்று பேனாவால் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. தொலைபேசியில் கேட்டேன். "போட்ட நாளிலிருந்து நாலு வாரம் ஆகணுங்க. 26-ஆம் தேதி கூட்டிட்டு வந்தா இருபத்தொரு நாள்தான் ஆகியிருக்கும், திருப்பி அனுப்பிடுவோம்" என்றார். இடைவெளி குறைந்தால் எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாகாது; தாமதமானாலோ முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆகவே மூன்றாம் தவணை ஏப்ரல் 30-க்குத் தள்ளிப் போனது. ஆனால் ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வயதைக் கொண்டு எண்ணப்படுவது. இந்தத் தாமதம் அதைத் தொடாது, அக்டோபர் 15 அப்படியே நின்றது.

ஊசி நாளை நினைவூட்டும் குறுஞ்செய்தி ஏன் வரவில்லை என்று விசாரித்ததில், கர்ப்பப் பதிவின்போது கொடுத்த எண் மைத்துனரின் பழைய சிம் எனத் தெரிந்தது. அது செயலிழந்து நெடுநாள் ஆகியிருந்தது. குற்றம் எங்களுடையதுதான். செவிலியரிடம் சொல்லித் தங்கையின் எண்ணை மாற்றிக்கொண்டோம்.

பிறகு ஒரு பள்ளி நோட்டில் நான்கு பத்திகள் கோடு போட்டேன்: மருந்து, போட்ட நாள், அடுத்த நாள், எடை. "அடுத்த நாள்" பத்தியை முன்கூட்டியே நிரப்பக் கூடாது, ஊசி போட்டுவிட்டு வந்த பிறகே எழுத வேண்டும் என்று தங்கையிடம் சொன்னேன். கைப்பேசி நினைவூட்டலையும் அப்போதே வைத்தால் போதும். புதன்கிழமை ஊசிக்குத் திங்கள் மாலையே மணி அடித்தால், வெளியூர்ப் பயணம் ஏதும் இருந்தாலும் மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். அட்டையின் இரு பக்கங்களையும் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடச் சொன்னேன், அட்டை தொலைந்தாலும் தேதிகள் இருக்கும்.

எடைப் பத்தியை அம்மாதான் கேட்டு வாங்கினார். பிறந்தபோது 2.9 கிலோ, மார்ச் 5 அன்று 4.3 கிலோ. ஏப்ரல் 2 மதியம் தங்கை அனுப்பிய படத்தில் மூன்றாவது வரியும் நிரம்பியிருந்தது: 5.1.