பில்லு பாஸ் ஆனதும் பணம் எடுக்க எந்த வழி: ட்ரெட்ஸா, பேங்க் வெண்டர் ஃபைனான்ஸா, 2 பர்சன்ட் கழிவா?

கோயமுத்தூர்ல பம்ப் பாடி மெஷினிங் பண்ற சின்ன யூனிட் எங்களுது. மச்சான் மெஷின் பக்கம் பார்த்துக்கறார், கணக்கு நான். பெரிய கஸ்டமர் ஒருத்தருக்கு மாசாமாசம் சரக்கு போகுது, பேமெண்ட் 90 நாள். கூலி சனிக்கிழமை, கரண்ட் பில்லு மாசத்துக்கு ஒரு தடவை, காஸ்டிங் கொடுக்கற ஃபவுண்ட்ரிக்காரர் 30 நாளுக்கு மேல ஒரு நாள் கூட தாங்க மாட்டார், நடுவுல இருக்கற அந்த 60 நாளை யார் பணத்துல ஓட்டறதுங்கறது தான் எங்க முழு கதையும். அதுக்கு இப்ப நாலு வழி இருக்கு, நாலையும் நாங்க போட்டுப் பார்த்துட்டோம், அதனால ஒரே பில்லை வெச்சு நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டறேன்.

முதல்ல ஒரு விஷயம். சாதாரண ஃபேக்டரிங்ல, பில்லை வாங்கிட்டு பணம் கொடுக்கறவங்க நம்மளை நோண்டுவாங்க, பேலன்ஸ் ஷீட் கொண்டா, சொத்து பத்திரம் கொண்டான்னு. ரிவர்ஸ் ஃபேக்டரிங்ல அது தலைகீழ், சரக்கு வாங்கின கம்பெனி "ஆமா, இந்த பில்லு சரி, இந்தத் தேதில நாங்க கட்டறோம்"னு ஒத்துக்குது, கடன் கொடுக்கறவங்க அந்த கம்பெனியோட ரேட்டிங்கைப் பார்த்து வட்டி போடறாங்க. கீழ வர்ற மூணாவது, நாலாவது வழி ரெண்டும் இந்த வகை தான். அதனால தான் சிசில, அதாவது பேங்க் கொடுக்கற கேஷ் கிரெடிட் கடன்ல, 11 பர்சன்ட் கட்டற எங்களுக்கு 9 பர்சன்ட்ல பணம் கிடைக்குது.

பில்லு 10 லட்சம்னு வெச்சுக்கங்க, ஜிஎஸ்டி சேர்த்து. சரக்கு இறங்கின நாள் பூஜ்யம், பேமெண்ட் 90ஆவது நாள், 10ஆவது நாள் பில்லு பாஸ் ஆயிடுச்சு. ஆக 80 நாளைக்கு முன்னாடி பணம் எடுக்கப் போறோம். வட்டி விகிதம் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது, உங்க கஸ்டமரைப் பொறுத்து மேல கீழ வரும்.

பழைய வழி சிசி லிமிட். பில்லை புக் டெட்னு, அதாவது வரவேண்டிய பாக்கின்னு, பேங்குக்குக் கொடுக்கற ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்ல காட்டறோம், பேங்க் 25 பர்சன்ட் மார்ஜின் பிடிச்சுட்டு 7.5 லட்சத்துக்கு டிராயிங் பவர், அதாவது எடுத்துக்கற வரம்பு, கொடுக்குது, 11 பர்சன்ட்ல 80 நாளைக்கு வட்டி சுமார் 18,082. தொகை கம்மியா தெரியும், ஆனா கைக்கு வந்ததே 7.5 லட்சம் தான். இதுல இன்னொண்ணு, பல பேங்க்ல 90 நாள் தாண்டின பில்லை டிராயிங் பவர்ல இருந்து எடுத்துடுவாங்க, கஸ்டமர் பத்து நாள் லேட் பண்ணா நம்ம லிமிட்டும் சேர்ந்து சுருங்கும்.

அடுத்தது கஸ்டமரே சொல்றது, "2 பர்சன்ட் கழிச்சுக்கங்க, உடனே போட்டுடறோம்"னு. கேக்க ரொம்ப சாதாரணமா இருக்கும், பேப்பர் கிடையாது, பேங்க் கிடையாது. 80 நாளைக்கு முன்னாடி 20,000 கழிச்சு 9.8 லட்சம் வந்தா அது வருஷக் கணக்குல 9.3 பர்சன்ட், மோசமில்லை. ஆனா பில்லு லேட்டா பாஸ் ஆகி 60ஆவது நாள் போடறாங்கன்னு வைங்க, அதே 2 பர்சன்ட் இப்ப வெறும் 30 நாளுக்கு, வருஷத்துக்கு சுமார் 25 பர்சன்ட் ஆகுது. கந்து வட்டிக்குப் பக்கத்துல போயிடும். அதனால ஃபிளாட் பர்சன்ட் சொன்னா உடனே எத்தனை நாளுக்குன்னு கேளுங்க, நாளுக்குத் தகுந்த மாதிரி கழிவு குறையறது தான் நியாயம். அவங்க கையில பணம் புரளற மாசம் மட்டும் தான் இது கிடைக்கும்ங்கறதையும் மறக்கக் கூடாது.

மூணாவது, பேங்க் வெண்டர் ஃபைனான்ஸ். கஸ்டமர் ஒரு பேங்க் கூட பேசி வெச்சிருப்பாங்க, "எங்க சப்ளையர்களுக்கு இத்தனை கோடி வரைக்கும்"னு, நாம அந்த பேங்க்ல பேப்பர் கொடுத்து சேர்ந்துக்கணும். 9.5 பர்சன்ட்ல நம்ம பில்லுக்கு 20,822 ஆகுது. ஓடிட்டு இருக்கற வரைக்கும் நல்ல வழி தான். ரெண்டு இடத்துல மட்டும் கண்ணைத் திறந்து வெச்சுக்கணும். ஒண்ணு, அக்ரிமெண்ட்ல ரீகோர்ஸ் இருக்கா. இருந்தா, கஸ்டமர் டியூ தேதில கட்டலைன்னா பேங்க் நம்ம கிட்ட வந்து 10 லட்சத்தையும் வட்டியோட கேக்கும், அப்ப அது நம்ம கடன் தான், பேரு மட்டும் வேற. எங்களுக்கு வந்த பேப்பர்ல இந்த வரி உள்ள ஒரு பக்கத்துல சின்ன எழுத்துல இருந்துச்சு, ஆடிட்டர் தான் பென்சில்ல கோடு போட்டுக் காட்டினார்.

ரெண்டாவது, லிமிட் கஸ்டமருது, நம்முது இல்லை. மார்ச் கடைசில எல்லா சப்ளையரும் பில்லை ஏத்துவாங்க, லிமிட் நிறைஞ்சுடும், நம்ம பில்லு வரிசைல நிக்கும். கஸ்டமர் நிலைமை ஆட ஆரம்பிச்சா பேங்க் முதல்ல மூடறதும் இதைத் தான். இங்கிலாந்துல கரில்லியன்னு பெரிய கட்டுமான கம்பெனி, சப்ளையருக்கு 120 நாள்னு வெச்சுட்டு, சீக்கிரம் வேணும்னா பேங்க் வழியா கழிவோட எடுத்துக்கங்கன்னு ஓட்டிட்டு இருந்தாங்க, 2018 ஜனவரில கம்பெனி விழுந்துச்சு. பணம் ஏற்கனவே எடுத்தவன் ஒரு மாதிரி தப்பினான், பாஸ் ஆகாத பில்லை வெச்சுக்கிட்டு இருந்தவன் மாட்டினான். இவ்வளவு பணம் பேங்க் மூலமா ஓடினது அவங்க கணக்குல கடன்னு காட்டாம மத்த பாக்கிகளோட கலந்து கிடந்ததால, வெளியில இருந்தவங்களுக்கு நிலைமை எவ்வளவு மோசம்னு சீக்கிரமா தெரியவே இல்லை.

நாலாவது ட்ரெட்ஸ், சின்ன யூனிட்களோட பில்லை ஏலத்துல பணமாக்கற ஆன்லைன் சந்தை. 2014 டிசம்பர்ல ஆர்பிஐ இதுக்கு வழிமுறை கொடுத்தாங்க, 2017ல ஓட ஆரம்பிச்சுது, ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட்னு ப்ளாட்ஃபார்ம்கள். உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கணும். பில்லை நாம ஏத்தலாம், கஸ்டமரும் ஏத்தலாம், அந்தப் பக்கம் ஒத்துக்கிட்டா அது ஃபேக்டரிங் யூனிட் ஆகுது, பேங்குகளும் என்பிஎஃப்சிகளும் வட்டி ஏலம் கேக்கறாங்க, பிடிச்ச ரேட்டை ஏத்துக்கிட்டா ஒண்ணு ரெண்டு வேலை நாள்ல பணம். டியூ தேதில கஸ்டமர் அக்கவுண்ட்ல இருந்து நாச்ங்கற ஆட்டோ டெபிட் மூலமா தானா எடுத்துக்குவாங்க. இதுல பெரிய விஷயம் ரீகோர்ஸ் கிடையாது. கஸ்டமர் கட்டலைன்னா அது அவங்களுக்கும் பேங்குக்கும் நடுவுல இருக்கற பிரச்சனை, நம்ம கதவைத் தட்ட முடியாது. 9 பர்சன்ட்ல நம்ம பில்லுக்கு 19,726, அது போக ப்ளாட்ஃபார்ம் கட்டணமும் அதுக்கு ஜிஎஸ்டியும்.

ஆனா அந்த 19,726 முழுசும் நாம ஏன் கட்டணும்? எம்எஸ்எம்இடி சட்டம் 2006 படி மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள் தான் அதிகபட்சம், அதுவும் சரக்கை எடுத்துக்கிட்ட நாள்ல இருந்து, கம்ப்யூட்டர்ல பாஸ் ஆன நாள்ல இருந்து இல்லை. 10ஆவது நாள்ல இருந்து 45ஆவது நாள் வரைக்கும் 35 நாள், அதுக்கு வட்டி 8,630. அதுக்கு மேல இருக்கற 45 நாளுக்கு 11,096, அது கஸ்டமர் தன் வசதிக்காக இழுக்கற நாள், அவங்க தான் சுமக்கணும். ட்ரெட்ஸ்ல வட்டியை யார் சுமக்கறாங்கன்னு பில்லை ஏத்தும்போதே பிரிச்சுப் போட இடம் இருக்கு. நான் இந்தக் கணக்கை ஒரு தாள்ல எழுதி கஸ்டமரோட ஃபைனான்ஸ் மேனேஜர் முன்னாடி வெச்சேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு "சரிங்க, 45க்கு மேல எங்க பக்கம் போட்டுக்கலாம்"னார். வருமான வரில 43பி(எச்) வந்ததுக்கு அப்புறம், 45 நாளுக்குள்ள கட்டாம வருஷக் கடைசிலயும் பாக்கியா நிக்கற தொகையை அந்த வருஷச் செலவுல காட்ட முடியாதுங்கற பயம் அவங்களுக்கும் இருக்கு, அதனால தான் பேச்சு எடுபட்டுச்சுன்னு நினைக்கறேன்.

இப்ப நிறைய பேர் சறுக்கற இடம். ட்ரெட்ஸ்லயோ வெண்டர் ஃபைனான்ஸ்லயோ போட்ட பில்லை ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்ல இருந்து எடுத்தே ஆகணும், ஏன்னா அது இனிமே நம்ம பாக்கி இல்லை, வித்தாச்சு. எடுத்தா டிராயிங் பவர் 7.5 லட்சம் குறையும். ட்ரெட்ஸ் வட்டி முழுசும் நாமே கட்டினதா வெச்சா உள்ள வந்தது 9,80,274, குறைஞ்சது 7,50,000, ஆக புதுசா கையில நிக்கறது 2,30,274 தான். முதல் மாசம் இதைப் புரிஞ்சுக்காம மச்சான் அந்த பணத்தை நம்பி ஒரு விஎம்சி மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டார், 10ஆம் தேதி ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் போட்டதும் சிசி ஓவர் ஆகி ஃபவுண்ட்ரிக்காரர் செக்கு ரிட்டர்ன் ஆச்சு. அன்னிக்கு அவர் முகத்துல முழிக்க எனக்கு உடம்பெல்லாம் கூசிச்சு. எடுக்காம அப்படியே விட்டா இன்னும் மோசம், ஒரே பில்லுக்கு ரெண்டு இடத்துல பணம் வாங்கின கணக்கு, ஃபேக்டரிங் பண்ணது செர்சாய்ங்கற மத்திய பதிவேட்டுல பதிவாகும், பேங்க் ஆடிட்ல மாட்டினா அக்கவுண்டே போயிடும். அதனால சிசி முழுசா இழுத்துட்டு இருக்கறவங்களுக்கு ட்ரெட்ஸ்னா 11 பர்சன்ட் கடனை 9 பர்சன்ட்டுக்கு மாத்தறது, கூட ஒரு ரெண்டேகால் லட்சம், அவ்வளவு தான் எதிர்பார்க்கணும். சிசி இல்லாதவங்களுக்கும் லிமிட் பாதி காலியா இருக்கறவங்களுக்கும் தான் முழு 9.8 லட்சமும் புது பணம்.

என் முடிவு என்னன்னா, ரீகோர்ஸ் இல்லாத ட்ரெட்ஸ் முதல்ல, அதுல கஸ்டமர் இல்லைன்னா ரீகோர்ஸ் இல்லாத வெண்டர் ஃபைனான்ஸ், 2 பர்சன்ட் கழிவு 70 நாளுக்கு மேல மிச்சம் இருந்தா மட்டும், சிசி கடைசி நம்பிக்கையா காலியா இருக்கட்டும்.

ஆனா இந்த நாலு வழில சிசி தவிர எதுவுமே பில்லு பாஸ் ஆகாம நகராது. ஒரு தடவை எங்க லாட்டு இறங்கி கேட் என்ட்ரி போட்டாச்சு, குவாலிட்டில ஒரு கேஜ் கேலிப்ரேஷனுக்குப் போயிருக்குன்னு சரக்கு அப்படியே நின்னுச்சு, சரக்கை ஏத்துக்கிட்டதுக்கான ரசீது, ஜிஆர்என், விழுந்தது 22ஆவது நாள். அந்த 22 நாளும் 11 பர்சன்ட்ல தான் ஓடுச்சு. அதே மாதிரி, விற்றுமுதல் 250 கோடிக்கு மேல இருக்கற கம்பெனிகள் எல்லாம் 2025 மார்ச் 31க்குள்ள ட்ரெட்ஸ்ல சேரணும்னு உத்தரவு வந்ததால பல கஸ்டமர் சேர்ந்துட்டாங்க, ஆனா சேர்றது வேற, நாம ஏத்தின பில்லை ஒத்துக்கறது வேற. ஏத்தின பில்லு பெண்டிங்லயே மூணு வாரம் கிடந்ததை நானே பார்த்திருக்கேன். அதனால இப்ப ஒரு நோட்டு போட்டிருக்கேன், கேட் என்ட்ரி, குவாலிட்டி, ஜிஆர்என், ட்ரெட்ஸ்ல ஒத்துக்கிட்டதுன்னு நாலு தேதிக்கு நாலு கட்டம், 5ஆவது நாள் ஜிஆர்என் கட்டம் காலியா இருந்தா ஸ்டோர்ஸ்ல இருக்கற தம்பிக்கு ஃபோன் போயிடும். "அண்ணா, இன்னிக்கு சாயங்காலம் போட்டுடறேங்க"ன்னு சொல்லும், பெரும்பாலும் போட்டும் விடும்.